ஒரு களி உருண்டைக்கு 963 கலோரி என்று நம்பிய ஆறு வாரங்கள்

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். விவசாயி கொண்டுவரும் பெட்டியைத் தராசில் ஏற்றி, காலிப் பெட்டியின் எடையைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் விலை போடுவோம். பெட்டியையும் தக்காளியையும் ஒன்றாக்கிக் கணக்கு எழுதினால் அன்றைக்கே அடிதடி நடக்கும். இதைத் தினம் செய்கிற ஒருவன், தன் வீட்டுச் சாப்பாட்டில் தண்ணீரையும் மாவையும் ஒன்றாக்கிக் கணக்கு எழுதி, ஆறு வாரம் பட்டினி கிடந்து, அதே தராசின் பக்கத்தில் மயங்கி விழுந்தான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு இப்போதுதான் மெல்லச் சிரிப்பு வரத் தொடங்கியிருக்கிறது. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 112 வந்தது. எடை 86 கிலோ. மாத்திரை வேண்டாம், ஏழெட்டு கிலோ குறையுங்கள் என்றார் மருத்துவர். எப்படிக் குறைப்பது என்று அவரும் விரிவாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மண்டிக்கு வரும் ஒரு லாரி ஓட்டுநர் தன் போனில் கலோரி கணக்கிடும் செயலி ஒன்றைக் காட்டினார். கணக்கு என்றால் எனக்குப் பிடிக்கும். அன்று இரவே ஒரு வருடச் சந்தாவாக 2,499 ரூபாய் கட்டினேன். ஐந்து கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். செயலி என் வயது, உயரம், வேலை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எனக்குச் செலவாவது சுமார் 2,300 கலோரி, 1,700 சாப்பிட்டால் மெதுவாகக் குறைவீர்கள் என்றது. இதுவரை எந்தத் தவறும் இல்லை. செயலி அன்று சொன்ன அந்த 1,700இல் குறை ஒன்றும் இல்லை.

தவறு மதியச் சாப்பாட்டில் தொடங்கியது. எங்கள் வீட்டில் மதியம் கேழ்வரகுக் களி. உருண்டையைத் தராசில் வைத்தேன், 300 கிராம் இருந்தது. செயலியின் தேடும் பெட்டியில் Ragi என்று அடித்ததும் முதலில் வந்தது Ragi flour. கேழ்வரகுதானே என்று அதைத் தொட்டு 300 என்று போட்டேன். 963 கலோரி என்று சிவப்பில் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாற்பது வருடமாக இந்த உருண்டையை இரண்டு இரண்டாக விழுங்கியிருக்கிறேனே, உடம்பு ஊதாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒரே உருண்டை. இரவில் 150 கிராம் சோறு. அதற்கு Rice, white என்ற பதிவைப் பிடித்தேன். அது 534 என்றது. இரண்டும் சேர்ந்தால் 1,497. மிச்சம் இருக்கும் இருநூற்றுச் சொச்சத்தில் காலையில் இரண்டு இட்லி, சர்க்கரை இல்லாத டீ. அவ்வளவுதான் நாள் முழுக்க.

பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. அதிகாலை நாலு மணிக்கு மண்டியில் டீக்கடை போண்டா வாசனை வந்தால் கண்ணில் நீர் வரும். ஆனால் செயலி பச்சை நிறத்தில் ‘இன்று இலக்குக்குள்’ என்று காட்டும். ஆயிரத்து எழுநூறு கலோரி சாப்பிட்டும் பசிக்கிறது என்றால் குற்றம் என் நாக்கின் மேல்தான் என்று தோன்றியது. மனைவியிடம் எரிந்து விழுந்தேன். கணக்கில் ஒரே வரியை இரண்டு முறை எழுதினேன். அப்படி இதற்கு முன் நடந்ததில்லை. எடை மட்டும் மடமடவென்று இறங்கியது. ஆறு வாரத்தில் 86 இலிருந்து 78. மண்டியில் எல்லோரும் பாராட்டினார்கள். சட்டை தொளதொளத்தது. அந்தப் பாராட்டுதான் என்னை மேலும் இரண்டு வாரம் இழுத்துப் போயிருக்கும், நடுவில் விழாமல் இருந்திருந்தால்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி. பெட்டி எண்ணிக்கையைச் சரிபார்க்கக் குனிந்து நிமிர்ந்தேன். அதற்கு அப்புறம் நினைவிருப்பது தரையில் நசுங்கிய தக்காளியின் ஈரம் கன்னத்தில் பட்டதுதான். தருமபுரிக்குக் கூட்டிப்போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. சொட்டு மருந்து, இதயப் படம், ரத்தப் பரிசோதனைகள் என்று 4,300 ரூபாய், இரண்டு நாள் சம்பளம் வேறு. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட மருத்துவரிடம் பெருமையாகப் போனை நீட்டினேன். அவர் மேலே இருந்த 1,700 என்ற மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, இந்த அளவு சாப்பிடுகிறவர் இப்படி விழக்கூடாதே என்று நெற்றியைச் சுருக்கினார். நல்லவேளை சர்க்கரை மாத்திரை எதுவும் போடவில்லை, போட்டுக்கொண்டு இப்படிச் சாப்பிட்டிருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கும் என்று மட்டும் சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு இந்தச் செயலிகளை நம்பிச் சாப்பாட்டைக் குறைப்பவர்கள் இந்த ஒரு வரியை விட்டுவிட வேண்டாம்.

குட்டை உடைத்தது அம்மாதான். வீட்டுக்கு வந்த மறுநாள் எனக்கு இரண்டாவது உருண்டையை வைக்க வந்தார். “ஒன்றே தொள்ளாயிரத்து அறுபத்துமூன்று அம்மா” என்று தடுத்தேன். கலோரி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அளவு தெரியும். “என்ன கண்ணு இது, நானூறு கிராம் மாவும் ஒரு கை நொய்யும் போட்டு ஐந்து உருண்டை எடுக்கிறேன். உன் உருண்டையில் மட்டும் ஒரு கிலோ மாவு இருக்கிற மாதிரி பேசுகிறாயே” என்றார். நான் சோற்றுக் கையோடு எழுந்துபோய் மாவுப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். நூறு கிராம் மாவுக்கு முந்நூற்றிச் சொச்சம் கலோரி என்று அச்சடித்திருந்தது. அப்படியானால் ஒரு கிலோவுக்கே சுமார் 3,200தான். என் செயலியின் கணக்குப்படி ஐந்து உருண்டைக்கு 4,815. நானூறு கிராம் மாவு போட்ட குண்டானுக்குள் ஒன்றரைக் கிலோ மாவின் கலோரி எப்படி வரும்?

அந்த இடத்தில்தான் விஷயம் புரிந்தது. உருண்டையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீருக்குக் கலோரி கிடையாது, எடை மட்டும் உண்டு. நான் தண்ணீரையும் சேர்த்து எடை போட்டு, அந்த மொத்த எடையையும் காய்ந்த மாவாகக் கணக்கில் ஏற்றியிருக்கிறேன். சோற்றிலும் இதே கதை. நூறு கிராம் அரிசிக்கு 350 அளவில் கலோரி என்பது சரி. ஆனால் அரிசி வெந்தால் இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு எடை கூடும், அதனால் நூறு கிராம் சோற்றில் 120, 130தான் இருக்கும். Rice, white என்ற அந்தப் பதிவில் அரிசியா சோறா என்று ஒரு சொல்லும் இல்லை, 356 என்ற எண் மட்டும்தான் அது அரிசி என்று காட்டிக்கொடுத்தது. ஒரு நாள் கணக்கைத் திருப்பிப் போட்டேன். களி உண்மையில் 300 அளவு, சோறு 180 அளவு, இட்லியும் டீயும் 200. எழுநூறு கூட இல்லை. நான் எழுதாமல் விட்ட குழம்பு, கீரைக் கடைசல் எல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்தைத் தொட்டிருக்காது. நாலு மணிக்கே மண்டிக்கு வந்து நடையாய் நடக்கும் ஆண்பிள்ளைக்கு அது.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். எனக்கு முன்னாலேயே ஒரு எச்சரிக்கை இருந்திருக்கிறது, பாராட்டில் மயங்கி அதைப் பார்க்கவில்லை. செயலியின் கணக்குப்படி நாளைக்கு 600 கலோரி குறைவு. ஆறு வாரத்துக்கு 25,200. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம், அப்படிப் பார்த்தால் மூன்றேகால் கிலோ குறைந்திருக்க வேண்டும். குறைந்தது எட்டு. தொடக்கத்தில் உடம்பிலிருந்து தண்ணீர் இறங்குவதால் ஒன்றிரண்டு கிலோ கூடக் குறைய வரலாம். அதற்கும் மேல், இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் எழுதிய கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைவதும் கணக்குத் தவறின் அடையாளம்தான். அது நமக்குப் பிடித்த தவறு என்பதால் யாரும் தேடுவதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் பாதிக் கதைதான். பாடம் கற்றுக்கொண்டவன் என்ற தெம்பில் நேராக அடுத்த குழியில் விழுந்தேன். மாவு என்று போட்டதுதானே தவறு, களி என்றே போடுவோம் என்று Ragi kali என்று தேடினேன். நாலு பதிவுகள் வந்தன. ஒன்று நூறு கிராமுக்கு 38 என்றது. ஒன்று ஒரு பரிமாறலுக்கு 120 என்றது, பரிமாறல் என்றால் எத்தனை கிராம் என்று இல்லை. ஒன்று 336. கடைசி ஒன்று 1,342. ஒரே ஊர்ச் சாப்பாட்டுக்கு நாலு விலை. மண்டியில் இப்படி நாலு விலை சொன்னால் எவனோ பொய் சொல்கிறான் என்று உடனே தெரிந்துகொள்வேன். ஆனால் அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா, 38 ஐ எடுத்துக்கொண்டேன். பட்டினி கிடந்து வந்தவனுக்கு அது வரம் மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு பச்சைக் குறி வேறு. சரிபார்த்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தச் செயலியின் உதவிப் பக்கத்தைப் படித்தபோதுதான், பலர் பயன்படுத்திய பதிவுக்கு அந்தக் குறி தானாக விழும் என்று தெரிந்தது. என்னைப்போல் ஆசைப்பட்டுச் சின்ன எண்ணைத் தொட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து அதற்குப் பச்சைக் குறி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

மூன்று மாதம். மதியம் இரண்டு உருண்டை, 600 கிராம், செயலியில் 228 என்று விழும். உண்மையில் 590க்கு மேல். கடலைச் சட்னி ஒரு கரண்டிக்கு 25 என்று யாரோ எழுதியதை எடுத்தேன், தாளித்த எண்ணெயை எழுதவே இல்லை. 78 இலிருந்து 82 ஆனேன். முதல் பத்து நாளில் இரண்டு கிலோ ஏறியது, பட்டினியில் வற்றிய உடம்பு நீர் பிடித்ததால் இருக்கலாம். மீதி ஏறியதற்கு அந்தச் சாக்கு செல்லாது. சர்க்கரை மறுபடி பார்க்க 900 ரூபாய் செலவு, அதுவும் இறங்கவில்லை. செயலி மட்டும் தினம் தவறாமல் 1,700, 1,680 என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

பதிவுகள் எப்படி வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கோபம் தணிந்தது. இந்த மாதிரிச் செயலிகளில் இருக்கும் உணவுப் பட்டியலின் ஒரு பகுதி அரசு நிறுவனங்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்த அட்டவணைகளிலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி, நம் ஊர்ச் சாப்பாட்டில் பெரும்பகுதி, நம்மைப் போன்றவர்கள் தட்டச்சு செய்தது. பேருந்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஒரு எண்ணை அடிக்கிறார், ஒரு பூச்சியம் விடுபடுகிறது, அது ஆயிரம் பேர் தட்டில் போய் உட்காருகிறது. கலோரிக்கு ஒரு கட்டம், புரதத்துக்கு ஒரு கட்டம், மாவுச்சத்துக்கு ஒரு கட்டம், கொழுப்புக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருக்கும். இவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று நான் வைத்திருந்த செயலி பார்ப்பதே இல்லை. அதுதான் நமக்குப் பிடி கொடுக்கும் இடமும். பொய்யான வரவுசெலவில் கூட்டல் பொருந்தாது என்பது கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியாதா?

அந்த 38 பதிவைத் திறந்து உள்ளே பார்த்தேன். மாவுச்சத்து 21 கிராம், புரதம் 2, கொழுப்பு அரை கிராம். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு 9. பெருக்கிக் கூட்டினால் 84, 8, நாலரை, ஆக 96 சொச்சம். மேலே 38 என்று எழுதியவர் கீழே 97க்கு உரிய சத்துகளை எழுதியிருக்கிறார். கீழே இருப்பதுதான் உண்மை, அது பிறகு நான் வீட்டில் அளந்ததோடும் ஒத்துப்போனது. நார்ச்சத்து அதிகமான உணவில் இந்தக் கூட்டல் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் வரும், அதை விட்டுவிடலாம். பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்தால் அந்தப் பதிவைத் தொடக்கூடாது. சத்துக் கட்டங்களில் எல்லாம் பூச்சியம் போட்டு, கலோரியை மட்டும் எழுதியிருந்தாலும் தொடக்கூடாது. சரிபார்க்க வழியே இல்லாத சீட்டு அது.

ஆனால் இந்தக் கூட்டல் எல்லாத் தவறையும் பிடிக்காது. வேகவைத்த கொள்ளு என்று ஒரு பதிவு இருந்தது. நூறு கிராமுக்கு 330 கலோரி, புரதம் 22, மாவுச்சத்து 57, கொழுப்பு அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 321, பொருந்துகிறது. ஆனாலும் அது பொய். ஏன் என்று கேட்டால், 22ஐயும் 57ஐயும் கூட்டினால் 79. நூறு கிராமில் 79 கிராம் சத்து, நார் எல்லாம் தனி என்றால் தண்ணீருக்கு இடம் ஏது? அது பானையில் வெந்த கொள்ளு இல்லை, மூட்டையில் இருக்கும் கொள்ளு. தலைப்பில் மட்டும் வேகவைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். நான் 200 கிராம் கொள்ளை ஊறவைத்து வேகவைத்து வடித்துப் பார்த்தேன், 480 கிராம் வந்தது. அப்படியானால் வெந்த கொள்ளில் நூறு கிராமுக்கு 137 அளவுதான். அதனால் இப்போது இரண்டாவதாக ஒன்றையும் பார்க்கிறேன். மூன்று சத்துகளின் கிராமையும் கூட்டுவேன். சோறு, களி, வெந்த பருப்பு மாதிரி நீர் குடித்த உணவு என்றால் கூட்டுத்தொகை முப்பதுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எழுபது, எண்பது என்றால் அது காய்ந்த பொருள், தலைப்பு என்ன சொன்னாலும் சரி. அந்த 336 களியும் இப்படித்தான் அகப்பட்டது.

1,342 பதிவின் கதை வேறு. முதலில் யாரோ குடித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பாவம், அவர் மற்ற மூவரையும்விட ஒழுங்கானவர். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுகளுக்கு ஒரு சத்து அட்டவணை வெளியிட்டது, 528 உணவுகள் அதில் உண்டு. அதில் ஆற்றலைக் கலோரியில் போடவில்லை, கிலோஜூலில் போட்டிருக்கிறார்கள். கேழ்வரகுக்கு நூறு கிராமுக்கு 1,342 கிலோஜூல். அதை 4.184ஆல் வகுத்தால் 321 கலோரி. நம் ஆள் நல்ல நூலைப் பார்த்து, kJ என்ற எண்ணை அப்படியே kcal கட்டத்தில் அடித்துவிட்டார். அதோடு, அட்டவணையில் இருப்பது காய்ந்த கேழ்வரகு, இவர் வைத்த தலைப்பு களி. இந்தத் தவறைப் பிடிப்பது மிக எளிது. சுத்தமான எண்ணெயிலேயே நூறு கிராமுக்கு 900 கலோரிதான். எந்தச் சாப்பாடும் அதைத் தாண்ட முடியாது. இன்னொன்று, அந்த அட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். ஆகையால் அந்த எண்களை நம்பலாம், ஆனால் சமைப்பதற்கு முன் போட்ட எடைக்கு மட்டும்.

இறைச்சிக்கு வரும்போது எல்லாம் தலைகீழாகிவிடும் என்பதை ஞாயிற்றுக்கிழமை கோழி கற்றுக்கொடுத்தது. அரிசியும் மாவும் நீரைக் குடிக்கும், கறி நீரை விடும். தோலும் எலும்பும் இல்லாத நெஞ்சுக்கறி அரைக் கிலோவை வறுத்தால் 375 கிராம் அளவு மிஞ்சும். பச்சையாக நூறு கிராமுக்கு 120 இருந்தது, வெந்த பிறகு 160 ஆகிவிடும். வெந்த துண்டை எடை போட்டு raw என்ற பதிவில் எழுதினால் கால் பங்கு கலோரி கணக்கிலிருந்து நழுவிவிடும். சோற்றில் மும்மடங்கு தவறு வருவதோடு ஒப்பிட்டால் இது சின்னது. எலும்போடு எடை போடுவதுதான் பெரிய தவறு. தட்டில் மிஞ்சிய எலும்பைக் கடைசியில் எடை போட்டுக் கழித்துவிடுங்கள், வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் மண்டித் தராசுதான். சமைத்ததை எடை போடுவதா, சமைக்காததையா என்று கேட்டால், பதில் இரண்டும். நாலு பேருக்கு ஒரே குண்டானில் சமைக்கும் வீட்டில் என் பங்கு மாவை மட்டும் தனியாக எடை போட முடியாது. ஆகையால் காலிக் குண்டானின் எடையை ஒருமுறை போட்டு, அடுப்படி நாட்காட்டியின் பின்பக்கம் எழுதிவைத்தேன், 920 கிராம். ஒரு ஞாயிறு அம்மாவிடம் கெஞ்சி எல்லாவற்றையும் அளந்தேன். மாவு 400 கிராம், 321 வீதம் 1,284 கலோரி. நொய் 50 கிராம், 178. மொத்தம் 1,462. தண்ணீர் 1,200 மில்லி, அதற்கு ஒன்றும் இல்லை. கிளறி இறக்கியதும் குண்டானோடு எடை போட்டால் 2,400. குண்டானைக் கழித்தால் களி 1,480 கிராம். 1,462ஐ 1,480ஆல் வகுத்தால், ஒரு கிராமுக்கு ஒரு கலோரி என்று சொல்லிவிடலாம், நூறு கிராமுக்கு 99. என் 300 கிராம் உருண்டைக்கு 297. செயலி முதலில் சொன்ன 963இல் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, 38 பதிவு சொன்ன 114ஐப்போல் இரண்டரை மடங்கு.

இதைச் செயலியில் சொந்தச் சமையல் குறிப்பாகப் பதிந்துவைத்தேன். பொருள்களைக் காய்ந்த எடையில் போட்டு, எத்தனை பேருக்கு என்று கேட்கும் இடத்தில் 1,480 என்று போட்டால் ஒரு பரிமாறல் என்பது ஒரு கிராம் ஆகிவிடும். அதன் பிறகு தட்டில் இருப்பது 300 கிராம் என்றால் 300 என்று அடித்தால் போதும், மற்றவர்கள் பதிவைத் தேடும் வேலையே இல்லை. எண்ணெய்க்கு, தாளிக்கும் முன்னும் பின்னும் பாட்டிலைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு குழம்புக்கு 30 கிராம் போகிறது, 270 கலோரி, அதை நாலாகப் பிரித்துக்கொள்கிறேன். கரண்டிக் கணக்கில் எழுதும்போது அம்மாவின் கரண்டியும் செயலியின் கரண்டியும் ஒன்றாக இருந்ததே இல்லை.

ஒவ்வொரு நாளும் இப்படி அளக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் களியை நாலு முறை அளந்தேன். ஒரு நாள் இறுக்கமாக 1,430 கிராம் வந்தது, ஒரு நாள் இளக்கமாக 1,560. நூறு கிராமுக்கு 102, 94. உருண்டைக்கு இருபத்தைந்து கலோரி வித்தியாசம், அதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அளப்பதை நிறுத்திவிட்டு 99 என்றே வைத்துக்கொண்டேன். சோற்றுக்கு ஒருமுறைதான் அளந்தேன். ரேஷன் புழுங்கலரிசி 300 கிராம், வடித்த பிறகு 870. நூறு கிராமுக்கு 121 வருகிறது. கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடும் என்பதால் உண்மை இன்னும் சற்றுக் குறைவாக இருக்கும். குக்கரில் வைப்பவர்கள் தங்கள் அரிசிக்குத் தாங்களே ஒருமுறை அளந்துகொள்ளட்டும், என் எண் அவர்களுக்கு உதவாது. வீட்டில் திரும்பத் திரும்பச் செய்வது பத்துப் பன்னிரண்டு சமையல்தான். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனால் முடிந்துவிடும். கல்யாண வீடு, ஹோட்டல் சாப்பாட்டுக்கு எல்லாம் நான் கணக்கு எழுதுவதே இல்லை. எழுதினால் அது கற்பனைதான்.

இப்போது நாலு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் காலையில் எடை பார்த்து, அதன் சராசரியை நோட்டில் எழுதுகிறேன். நாளைக்கு 1,800 சாப்பிடுகிறேன், ஐந்நூறு குறைவு. மாதத்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் மூன்றேகால் இறங்கியது, அதன் பிறகு கொஞ்சம் மந்தம். கணக்குக்கும் தராசுக்கும் இப்படி ஒரு நூலிழை வித்தியாசம்தான் இருக்கிறது, எனக்கு அது போதும். மருத்துவமனை, பரிசோதனை, தராசு, சந்தா எல்லாம் கூட்டினால் எட்டாயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது. அதில் உருப்படியான செலவு அந்த 650 ரூபாய் தராசு ஒன்றுதான். சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் கோபத்தில் செயலியை அழித்தேன், சந்தா அழியவில்லை. போனின் செயலிக் கடை அமைப்புக்குள் போய்ச் சந்தாவைத் தனியாக ரத்து செய்தால்தான் அடுத்த வருடப் பணம் எடுக்காமல் இருப்பார்கள். நான் இலவசப் பதிப்புக்கே திரும்பிவிட்டேன், சொந்தக் குறிப்பு எழுத என் செயலியில் அதுவே போதுமானதாக இருக்கிறது.

முதல் மாதம் தராசைக் கண்டாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். சோற்றை எடை போடுகிற வீடு உருப்படுமா என்று பக்கத்து வீட்டில் குறைப்பட்டுக்கொண்டாராம். நேற்று மதியம் துடுப்பைக் கழுவிக்கொண்டே அடுக்களையிலிருந்து கூப்பிட்டார். “கண்ணு, இன்றைக்குத் தண்ணீர் ஒரு டம்ளர் கூடிவிட்டது. உன் நோட்டில் எழுதிக்கொள்.”